ஒவ்வொன்றும் வரம்புக்குள், சேர்த்துப் பார்த்தால் 1.10: கரைப்பான் கலவையின் கூட்டுக் கணக்கு

கேள்வி: மரச்சாமான்களுக்கு லாக்கர் அடிக்கும் பிரிவில் பாதுகாப்புப் பொறுப்பு என்னுடையது. ஸ்ப்ரே செய்பவர் ஒருவரின் சட்டைக் காலரில் ட்யூப் மாட்டி ஒரு முழு ஷிஃப்டுக்குக் காற்று மாதிரி எடுத்தோம். டொலுயீன், சைலீன், பியூட்டைல் அசிடேட், எம்இகே என நான்கு கரைப்பான்களுக்கும் நேரே ‘வரம்புக்குள்’ என்றே ஆய்வக அறிக்கை சொல்கிறது. ஆனால் மதியத்துக்கு மேல் தலை கனக்கிறது என்கிறார்கள். நான்கு அளவுகளையும் கூட்டினேன், 77 பிபிஎம் வந்தது. நான்கு வரம்புகளின் சராசரி 87.5. அப்படியானால் சேர்த்துப் பார்த்தாலும் வரம்புக்குள்தானே? அறிக்கையையும் வரம்புப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: இல்லை, வரம்பைத் தாண்டிவிட்டது. அளந்ததில் பிழை எதுவும் தெரியவில்லை. கூட்டிய முறைதான் தவறு.

பிபிஎம்களை அப்படியே கூட்டினால், 30 பிபிஎம் எம்இகேயும் 30 பிபிஎம் டொலுயீனும் உடம்புக்கு ஒன்றே என்று எடுத்துக்கொண்டதாகிவிடும். நீங்கள் அனுப்பிய பட்டியலில் இருப்பவை ஐரோப்பிய ஒன்றியத்தின் வழிகாட்டு வரம்புகள். அதன்படி 8 மணி நேரச் சராசரிக்கு டொலுயீன், சைலீன், பியூட்டைல் அசிடேட் மூன்றுக்கும் தலா 50 பிபிஎம், எம்இகேக்கு 200. எம்இகேயின் பெரிய வரம்பு சராசரியை மேலே இழுத்து, மற்ற மூன்றுக்கும் இல்லாத சலுகையைக் கொடுத்துவிடுகிறது. இந்த முறை எவ்வளவு விபரீதமானது என்பதை ஒரு சின்னச் சோதனையில் பார்க்கலாம். அதே காற்றில் 1 பிபிஎம் அசிட்டோனும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வரம்பு 500. இப்போது ஐந்து வரம்புகளின் சராசரி 170 ஆகிறது, மொத்த அளவு 78. வரம்பில் 88 சதவீதமாக இருந்தது 46 சதவீதமாக இறங்கிவிட்டது. காற்றில் இன்னொரு கரைப்பான் சேர்ந்ததால் காற்று ‘சுத்தமாகிவிட்டது’ என்று சொல்லும் கணக்கை எப்படி நம்புவது?

செய்ய வேண்டியது இதுதான்: ஒவ்வொரு கரைப்பானின் அளவையும் முதலில் அதனதன் வரம்பால் வகுக்க வேண்டும். அந்தப் பொருளுக்கு உள்ள இடத்தில் எவ்வளவு தீர்ந்துவிட்டது என்பதை அந்தப் பின்னம் சொல்லும். அதன் பிறகே கூட்ட வேண்டும்.

```
I = C1/L1 + C2/L2 + C3/L3 + C4/L4
```

C என்பது அளந்த சராசரி, L என்பது வரம்பு. I ஒன்றைத் தாண்டினால் கலவை வரம்பை மீறிவிட்டது என்று பொருள், தனித்தனியாக எதுவும் மீறாவிட்டாலும் சரி.

உங்கள் அறிக்கையில் மூன்று ட்யூப்கள் இருக்கின்றன. காலை ஸ்ப்ரே வேலைக்கு 210 நிமிடம், தின்னர் கலந்து ஸ்ப்ரே கன்களைக் கழுவிய நேரம் 60 நிமிடம், பிற்பகலில் சாமான்களை எடுத்து அடுக்கிய வேலைக்கு 180 நிமிடம். மீதி 30 நிமிடம் சாப்பாட்டு இடைவேளை. அவர் கட்டடத்துக்கு வெளியே போய்ச் சாப்பிட்டதாகக் குறித்திருப்பதால் அந்த நேரத்துக்குப் பூச்சியம் போடலாம். லாக்கர் அறையை ஒட்டிய ஓய்வறையில் உட்கார்ந்திருந்தால் அப்படிப் போடக் கூடாது, அங்கேயும் அளந்திருக்க வேண்டும்.

டொலுயீனை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். ஸ்ப்ரேயின்போது 32 பிபிஎம், கழுவும்போது 56, பிற்பகலில் 8. ஒவ்வொன்றையும் அதனதன் நிமிடங்களால் பெருக்கிக் கூட்டி, 480 நிமிடத்தால் வகுக்க வேண்டும்.

```
(32×210 + 56×60 + 8×180 + 0×30) / 480
= (6720 + 3360 + 1440 + 0) / 480
= 24.0
```

மூன்று ட்யூப்களின் எண்களையும் கூட்டி மூன்றால் வகுத்திருந்தால் 32 வந்திருக்கும். ட்யூப்கள் சம நேரம் ஓடவில்லை என்பதால் அது செல்லாது. இதே வழியில் மற்றவற்றையும் போட்டால் சைலீனுக்கு (18, 21, 4) 12.0 பிபிஎம், பியூட்டைல் அசிடேட்டுக்கு (15, 24, 5) 11.4, எம்இகேக்கு (30, 111, 8) 30.0 வருகிறது. அடைப்புக்குள் இருப்பவை மூன்று ட்யூப்களின் அளவுகள், அதே வரிசையில். இனி வரம்பால் வகுப்போம்.

```
டொலுயீன்             24.0 / 50  = 0.48
சைலீன்               12.0 / 50  = 0.24
பியூட்டைல் அசிடேட்   11.4 / 50  = 0.23
எம்இகே               30.0 / 200 = 0.15
                     மொத்தம் I  = 1.10
```

எந்த வரியும் பாதி வரம்பைக்கூடத் தொடவில்லை. ஆய்வகம் ஒவ்வொரு வரிக்கும் ‘வரம்புக்குள்’ என்று எழுதியது பொய்யல்ல, கீழே மொத்தத்தை யாரும் போடவில்லை என்பதுதான் விஷயம். ஆய்வகங்கள் பெரும்பாலும் கேட்டால்தான் அதைப் போட்டுத் தரும். எதை எதோடு கூட்டலாம் என்பது வேலையிடத்தை அறிந்தவர் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்பதால் அதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

அந்த முடிவுக்குத்தான் இப்போது வர வேண்டும், ஏனென்றால் உங்கள் வழக்கில் தீர்ப்பே அதைப் பொறுத்திருக்கிறது. கூட்டுக் கணக்கு ஒரே உறுப்பை, ஒரே மாதிரி பாதிக்கும் பொருட்களுக்கானது. டொலுயீன், சைலீன், எம்இகே மூன்றும் மூளை, நரம்பு மண்டலத்தை மந்தப்படுத்துபவை. தலைக்கனம், மயக்கம், தடுமாற்றம் எல்லாம் இந்த வழியில் வருபவை. இந்த மூன்றை மட்டும் கூட்டினால் 0.87. பியூட்டைல் அசிடேட்டின் வரம்பு முக்கியமாகக் கண், மூக்கு, தொண்டை எரிச்சலை வைத்துப் போடப்பட்டது. அதை எரிச்சல் கணக்கில் மட்டும் சேர்த்து, எரிச்சலையும் தரும் சைலீன், எம்இகேயோடு கூட்டினால் 0.62. ஆக, இரண்டு கணக்காகப் பிரித்தால் இரண்டும் ஒன்றுக்குக் கீழே போய்விடும். ஒரே கணக்காக வைத்தால் 1.10. நிர்வாகத்தில் யாராவது இந்தப் பிரிவினையைக் கட்டாயம் முன்வைப்பார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரிந்து வைத்திருங்கள்.

நான் பிரிக்க மாட்டேன். பியூட்டைல் அசிடேட்டும் செறிவு கூடினால் மயக்கத்தைத் தருவதுதான். டொலுயீனும் எரிச்சலைத் தருவதுதான். எனவே இரண்டு குழுக்களுக்கும் நடுவே நீங்கள் போடும் கோடு உடம்புக்குள் அவ்வளவு கூர்மையாக இல்லை. இந்தத் துறையில் வழக்கமான விதி, விளைவுகள் தனித்தனியானவை என்று காட்ட நல்ல ஆதாரம் இருந்தால் மட்டும் பிரிப்பது, இல்லாவிட்டால் கூட்டுவது. ஆதாரத்தைக் காட்ட வேண்டியவர் பிரிக்கச் சொல்பவர்தான். தவிர, பிரித்தாலும் வரும் 0.87 ஒன்றும் நிம்மதி தரும் எண் அல்ல. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிரிக்கவே வேண்டிய பொருட்களும் உண்டு. ஒன்று கல்லீரலை, இன்னொன்று நுரையீரலை மட்டும் பாதிப்பதாகத் தெளிவாகத் தெரிந்தால் தனித்தனியாகப் பார்க்கலாம். பென்சீன் போன்ற புற்றுநோய்க் காரணிகளை இந்தக் கூட்டலுக்குள் புதைத்துவிடக் கூடாது. அவற்றை முடிந்த மட்டும் குறைக்க வேண்டும் என்பது தனிக் கடமை. இன்னொரு வகையில் கூட்டலே போதாது. எம்இகே இருக்கும் இடத்தில் என்-ஹெக்ஸேனும் இருந்தால், ஹெக்ஸேன் கை கால் நரம்புகளுக்குச் செய்யும் சேதத்தை எம்இகே பெருக்கிவிடுகிறது. அங்கே பின்னங்களைக் கூட்டி 0.8 என்று காட்டுவது உண்மையைக் குறைத்துச் சொல்வதாகும். உங்கள் தின்னரின் பாதுகாப்புத் தரவுத் தாளில் ஹெக்ஸேன் இல்லை. வாங்கும் சரக்கு மாறும்போதெல்லாம் அதை மறுபடி பாருங்கள்.

தாளைப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. அதில் சைலீனோடு எதில்பென்சீனும் குறிக்கப்பட்டிருக்கிறது, ஆய்வக அறிக்கையில் அதைக் காணோம். வணிகச் சைலீனில் எதில்பென்சீன் கணிசமாகக் கலந்தே வரும். அதற்குத் தனி வரம்பு உண்டு. உங்கள் பட்டியலில் அது 100 பிபிஎம். நீங்கள் கேட்காததால் ஆய்வகம் தன் வரைபடத்தில் அதற்குரிய சிகரத்தை எண்ணாமல் விட்டிருக்கும். அதே குரோமட்டோகிராமிலிருந்தே எடுத்துத் தர முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் முடியும். கிடைப்பது 3 பிபிஎம் என்றால் 0.03 கூடும், அவ்வளவுதான், ஆனால் I ஒன்றை ஒட்டி நிற்கும்போது அவ்வளவே போதும். இதற்கு நேரெதிர் பிழையும் நடக்கும். ‘மொத்த ஹைட்ரோகார்பன்’ என்ற வரியையும் டொலுயீன், சைலீன் வரிகளையும் சேர்த்துக் கூட்டினால் ஒரே பொருளை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

எம்இகேயின் எண்ணையும் சற்றுச் சந்தேகத்தோடு பாருங்கள். சாதாரணத் தேங்காய்ச் சிரட்டைக் கரி நிரப்பிய ட்யூபில் டொலுயீனும் சைலீனும் பத்திரமாக இருக்கும், எம்இகே அப்படி நிற்காது. கரியின் மேலேயே சிதையும், ஈரப்பதம் இருந்தால் இன்னும் மோசம். ட்யூப் அறை வெப்பத்தில் சில நாள் கிடந்து ஆய்வகம் போய்ச் சேர்ந்திருந்தால் 30 என்பது உண்மையில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அடுத்த முறை எம்இகேக்கு ஏற்ற ட்யூபை ஆய்வகத்திடமே கேட்டு வாங்குங்கள். எடுத்த அன்றே குளிரூட்டி அனுப்புங்கள்.

அலகில் ஒரு சிறு பொறி இருக்கிறது. பட்டியலில் வரம்புகள் பிபிஎம்மிலும் கனமீட்டருக்கு மில்லிகிராமிலும் இருக்கும். அளவும் வரம்பும் ஒரே அலகில் இருந்தால் பின்னம் ஒன்றுதான், எதில் செய்தாலும் சரி. டொலுயீனை மில்லிகிராமிலும் மற்றதைப் பிபிஎம்மிலும் செய்தாலும் தவறில்லை, ஒவ்வொரு வரிக்குள்ளும் மேலும் கீழும் ஒத்திருந்தால் போதும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பிபிஎம்மை மூலக்கூறு எடையால் பெருக்கி, 20 டிகிரி செல்சியஸில் 24.04 ஆலும் 25 டிகிரியில் 24.45 ஆலும் வகுக்க வேண்டும். ஐரோப்பிய வரம்புகள் 20 டிகிரிக்கானவை. 50 பிபிஎம் டொலுயீன் அங்கே 192 மில்லிகிராம் ஆவது அதனால்தான். ஆய்வகம் 25 டிகிரி எண்ணைப் பயன்படுத்தியிருந்தால் இரண்டு சதவீதம் போல வித்தியாசம் வரும்.

இனி அந்தக் கழுவும் வேலைக்கு வருவோம். தலைக்கனத்துக்கு விடை அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதே 1.10-ஐ வேலை வாரியாகப் பிரித்தால் ஸ்ப்ரே 0.63, கழுவுதல் 0.32, பிற்பகல் வேலை 0.14 வருகிறது. கூட்டினால் 1.09 வரும், கடைசி இலக்கத்தில் உள்ள வேறுபாடு முழுமையாக்கியதால் வருவது. பொருள் வாரியாகக் கூட்டினாலும் வேலை வாரியாகக் கூட்டினாலும் ஒரே விடை வர வேண்டும் என்பதால் இது கணக்குக்கு ஒரு சரிபார்ப்பும்கூட. நேரத்தில் எட்டில் ஒரு பங்கான கழுவும் வேலை, மொத்த வெளிப்பாட்டில் ஏறத்தாழ 30 சதவீதத்தைத் தருகிறது.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் கன்களைப் பிரித்துத் தின்னரில் அமிழ்த்திய 15 நிமிடத்துக்குத் தனி ட்யூப் ஒன்று ஓட்டியிருக்கிறீர்கள், நல்ல காரியம். அதன் எண்களை 8 மணி வரம்போடு வைத்துப் பார்க்கக் கூடாது. குறுகிய நேர வரம்புகள் வேறு: டொலுயீனுக்கு 100, சைலீனுக்கு 100, பியூட்டைல் அசிடேட்டுக்கு 150, எம்இகேக்கு 300 பிபிஎம். கூட்டும் முறை மட்டும் அதேதான்.

```
70/100 + 24/100 + 33/150 + 150/300
= 0.70 + 0.24 + 0.22 + 0.50
= 1.66
```

இங்கேயும் எதுவும் தனியாக மீறவில்லை, கூட்டு வெகுவாக மீறுகிறது. எம்இகே முழு நாள் கணக்கில் கடைசி இடத்தில் இருந்தது; இங்கே இரண்டாம் இடத்துக்கு ஏறிவிட்டது. நான்கு எண்களும் ஒரே ட்யூபிலிருந்து, ஒரே 15 நிமிடத்திலிருந்து வந்தவை என்பதால் இந்தக் கூட்டல் செல்லும். டொலுயீனின் உச்சத்தைக் காலை ட்யூபிலிருந்தும் எம்இகேயின் உச்சத்தை வேறொரு ட்யூபிலிருந்தும் எடுத்துக் கூட்டியிருந்தால், யாரும் எப்போதும் சுவாசிக்காத ஒரு காற்றுக்குக் கணக்குப் போட்டதாகியிருக்கும்.

ஆகவே முதல் வேலை கழுவுவதை மூடிய கன் கழுவும் இயந்திரத்துக்குள் மாற்றுவது. அந்த ஒரு மணி நேரத்தின் அளவு பிற்பகல் வேலையின் அளவுக்கு இறங்கினால் அதன் பங்கு 0.32 இலிருந்து 0.05 ஆகும், நாள் மொத்தம் 0.82 ஆகும். குறுகிய நேர மீறலும் அதோடு போகும். கையால் கழுவும்போது தோல் வழியாகப் போவதும் குறையும். டொலுயீன், சைலீன் இரண்டும் உங்கள் பட்டியலிலேயே தோல் குறியிட்டவை, தோல் வழியாகப் போவது மேலே போட்ட எந்தக் கணக்கிலும் இல்லை.

டொலுயீனை எடுத்துவிட்டு எம்இகேயைக் கூட்டினால் என்ன, அதற்குத்தான் நான்கு மடங்கு வரம்பு இருக்கிறதே என்று தோன்றலாம். அப்படி மாற்றி ஏமாந்த இடங்கள் உண்டு. வரம்பு பெரிது, ஆனால் ஆவியாகும் வேகமும் பெரிது. 20 டிகிரியில் டொலுயீனின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 29 ஹெக்டோபாஸ்கல், எம்இகேயினுடையது ஏறத்தாழ 100. வரம்பால் வகுத்தால் டொலுயீனுக்கு 0.58, எம்இகேக்கு 0.50. மாற்றத்தில் கிடைக்கும் லாபம் அவ்வளவுதான், தீப்பிடிக்கும் ஆபத்து மட்டும் கூடும். பியூட்டைல் அசிடேட்டின் ஆவியழுத்தம் 11 ஹெக்டோபாஸ்கல் அளவு, அதன் வரம்பால் வகுத்தால் 0.22. லாக்கர் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டால், உலரும் நேரம் கூடுவதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால், அந்தத் திசையில் போவதில் பயன் இருக்கிறது. கலவையை மாற்றும் முன் இந்த வகுத்தலை ஒருமுறை போட்டுப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கழுவும் இயந்திரம் வந்து 0.82 ஆனதும் நிறுத்திவிடாதீர்கள். அது ஒரே ஆளின் ஒரே நாள் எண். பெரிய பலகைகள் வரும் நாளில், ஸ்ப்ரே பூத்தின் வடிகட்டி அடைத்திருக்கும் நாளில் அதே வேலை சாதாரணமாக இரண்டு மடங்கு காட்டும். ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 689 மூன்றே அளவீடுகளை வைத்து ‘வரம்புக்குள்’ என்று சொல்ல வேண்டுமானால் மூன்றும் வரம்பின் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. நான்கு அளவீடுகள் இருந்தால் 15 சதவீதம், ஐந்து இருந்தால் 20 சதவீதம். எதுவும் வரம்பைத் தாண்டாமல், இந்த அளவுக்கும் கீழே இறங்காமல் இருந்தால் குறைந்தது ஆறு அளவீடுகள் எடுத்துப் புள்ளியியல் சோதனைக்குப் போக வேண்டும். கலவைக்கு அந்த அளவீடு என்பது I தான்: ஒவ்வொரு நாளுக்கும் முதலில் I-யைப் போட்டு, பிறகு அந்த I-களை 1 என்ற வரம்போடு சோதிக்க வேண்டும். டொலுயீனைத் தனியாக, சைலீனைத் தனியாகச் சோதித்துவிட்டுக் கடைசியில் கூட்டுவது சரியல்ல, அவை ஒன்றாகவே ஏறி இறங்குபவை. 0.82 இலிருந்து அந்த இடத்துக்குப் போக ஸ்ப்ரே வேலையின் 0.63-ல்தான் கை வைக்க வேண்டும். பூத்தின் முகப்பில் காற்றின் வேகத்தைப் பல இடங்களில் அளந்து, ஆள் நிற்கும் இடம் சாமானுக்கும் உறிஞ்சும் சுவருக்கும் நடுவில் வருகிறதா என்று பாருங்கள். நடுவில் நின்றால் அவர் அடிக்கும் ஆவி அவர் முகத்தைத் தாண்டித்தான் வெளியேறும்.

அடுத்த அறிக்கையில் ஏதாவது ஒரு கரைப்பானுக்கு நேரே ‘அளவிடும் எல்லைக்குக் கீழ்’ என்று வந்தால் அதைப் பூச்சியமாக எடுக்க வேண்டாம். முதலில் அந்த எல்லை எண்ணையே போட்டு I-யைப் பாருங்கள். தீர்ப்பு மாறவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். மாறினால் ட்யூப் ஓடிய நேரம் போதவில்லை என்று பொருள், அந்த மாதிரியை மறுபடி எடுக்க வேண்டும்.